செய்தி உறுதியாகும் விதத்தைக் காட்டும் படங்கள்

கேள்வி: என் அக்கா மகளுக்கு 15 வயது. பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்கிறாள். புலனாய்வுப் பத்திரிகையாளர்கள், ரகசியத்தை வெளியே சொன்னவர்கள் பற்றிய படங்களில் எவற்றை அவளுக்குக் காட்டலாம்? அதில் வருவதுபோலத்தான் நிஜத்திலும் நடக்குமா?

பதில்: முதலில் 'ஷாட்டர்ட் கிளாஸ்' (2003) காட்டுங்கள். ஒன்றரை மணி நேரப் படம்தான். இதில் ஊழலை வெளிக்கொணரும் வீரர் யாரும் இல்லை. பொய் எழுதிய ஒரு பத்திரிகையாளன் மாட்டிக்கொள்ளும் கதை. இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் ரகசியம் கைக்கு வரும் நிமிடத்தைத்தான் கொண்டாடுகின்றன. உண்மையான வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது: வந்தது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் பகுதியைக் காட்டும் படங்களையே நான் தேர்ந்தெடுப்பேன். செய்தி அறையில் பிரதிகளைத் திருத்தும் வேலையில் இருப்பதால் எனக்கு இந்தப் பக்கச் சாய்வு உண்டு.

1998 மே மாதம் 'நியூ ரிபப்ளிக்' என்ற அமெரிக்க வார இதழில் ஸ்டீபன் கிளாஸ் ஒரு கட்டுரை எழுதினார். 15 வயதுச் சிறுவன் ஒருவன் 'ஜக்ட் மைக்ரானிக்ஸ்' என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்துவிடுகிறான். நிறுவனமோ பயந்துபோய் அவனையே வேலைக்கு அமர்த்தப் பேரம் பேசுகிறது. படிக்க அவ்வளவு சுவையான கட்டுரை. 'ஃபோர்ப்ஸ்' இணையப் பிரிவின் நிருபர் ஆடம் பெனன்பெர்க், இப்படி ஒரு செய்தி தன் கைக்கு வராமல் போனது எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார். செய்தித் தரவுத்தளங்களில் அந்த நிறுவனத்தின் பெயர் எங்குமே இல்லை. கலிஃபோர்னியா வரித்துறையின் பதிவிலும் இல்லை. நிறுவனத்தின் இணையப் பக்கமோ, ஏஓஎல் என்ற இணையச் சேவையின் வாடிக்கையாளர் யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய பக்கம். கடைசியாக இருவர் ஒரே நேரத்தில் அந்த நிறுவனத்தின் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒருவருக்கு மணி அடித்தது, மற்றவருக்கு 'பிஸி' ஒலி. பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி இணைப்பா?

எந்தச் சோதனைக்கும் ரகசிய நண்பரோ இருட்டு வாகன நிறுத்தமோ தேவைப்படவில்லை என்பதை அவளிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த இதழில் தகவல் சரிபார்ப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் நிருபர் மட்டுமே நேரில் பார்த்த விஷயங்களில், அவருடைய குறிப்பேட்டைத்தான் அவர்கள் சான்றாக ஏற்றுக்கொண்டார்கள். கிளாஸ் முன்பு அதே சரிபார்ப்பு வேலையைச் செய்தவர் என்பதால் ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரியும். குறிப்புகளையும் பொய்யாக எழுதி வைத்தார். பிறகு இதழே நடத்திய ஆய்வில் அவருடைய 41 கட்டுரைகளில் 27-இல் புனைவு இருப்பது தெரிந்தது.

இரண்டாவது, 'அஃபீஷியல் சீக்ரெட்ஸ்' (2019). நீங்கள் கேட்ட 'ரகசியத்தை வெளியே சொன்னவர்' இதில் வருகிறார். பிரிட்டன் உளவு ஒட்டுக்கேட்பு நிறுவனமான ஜிசிஹெச்க்யூவில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காத்தரின் கன்னுக்கு 2003 ஜனவரி இறுதியில் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. இராக் போருக்கான வாக்கெடுப்பு வரப்போகும் நேரத்தில், ஐ.நா. பாதுகாப்பு அவையில் முடிவெடுக்காமல் இருந்த நாடுகளின் தூதர்களை ஒட்டுக்கேட்க உதவுங்கள் என்பது அதன் சாரம். அவர் அதை அச்சிட்டு வெளியே கொடுத்தார். அது சுற்றிச் சுற்றி 'அப்சர்வர்' என்ற பிரிட்டிஷ் ஞாயிறு இதழின் மார்ட்டின் பிரைட்டிடம் வந்தது.

பிரைட் கையில் இருந்தது அனுப்பியவர் முகவரி எதுவும் இல்லாத ஒரு தாள். யாரும் தட்டச்சு செய்திருக்கக்கூடியது. அதை வைத்து உடனே செய்தி போடவில்லை. அதில் உள்ள சொற்கள் அந்த நிறுவனத்தார் புழங்கும் சொற்கள்தானா, அனுப்பியதாகச் சொல்லப்பட்ட ஃபிராங்க் கோசா என்பவர் உண்மையில் இருக்கிறாரா என்று வாரக்கணக்கில் விசாரித்தார்கள். 'அப்சர்வர்' இதழின் அமெரிக்க நிருபர் எட் வல்லியாமி நேராக என்எஸ்ஏவுக்கே தொலைபேசியில் அழைத்து கோசாவைக் கேட்கும் காட்சி படத்தில் மிகவும் நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 2-ஆம் தேதி செய்தி வெளியானது. அதன்பின் நடந்தது என் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது. அமெரிக்கரின் மின்னஞ்சலில் சொற்கள் அமெரிக்க முறைப்படி எழுதப்பட்டிருந்தன. பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் வழக்கப்படி அவற்றை பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிவிட்டார். ஆவணத்தைத் திருத்தக்கூடாது என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. சில மணி நேரத்தில் இணையத்தில் 'அமெரிக்கர் இப்படி எழுதமாட்டார், இது போலி' என்று கிளம்பிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஏற்பாடு செய்திருந்த பேட்டிகள் ரத்தாயின. ஆவணம் உண்மை, சரிபார்ப்பும் சரி. ஆனாலும் ஒரு பிரதித் திருத்தம் எல்லாவற்றையும் சந்தேகத்துக்குள் தள்ளியது. கன்மீதான வழக்கில் 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பு சாட்சியம் எதையும் முன்வைக்காமல் விலகிக்கொண்டது.

மூன்றாவதாக 'ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்' (1976). அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய படம் என்றதும் எல்லோரும் வாகன நிறுத்தத்தில் வந்து துப்புக் கொடுக்கும் ரகசிய மனிதரைத்தான் சொல்வார்கள். (எஃப்பிஐயில் இரண்டாம் நிலையில் இருந்த மார்க் ஃபெல்ட் தான் அவர் என்பது 2005-இல்தான் வெளியே வந்தது.) நீங்கள் அவளிடம் நிறுத்திக் காட்ட வேண்டியது பத்து வரை எண்ணும் காட்சியை. அதிபரின் வலதுகரமான ஹால்டெமன், எதிர்க்கட்சியை உளவு பார்க்கப் பயன்பட்ட ரகசிய நிதியைக் கட்டுப்படுத்தியவர்களில் ஒருவர் என்று உறுதிப்படுத்த வேண்டும். நீதித்துறை வழக்கறிஞர் வாயைத் திறக்கத் தயாராக இல்லை. "நான் பத்து வரை எண்ணுகிறேன். செய்தி தவறென்றால் அதற்குள் தொலைபேசியை வைத்துவிடுங்கள்" என்கிற பாணியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் பெர்ன்ஸ்டீன் பேசுகிறார். எண்ணி முடிக்கிறார், மறுமுனை துண்டிக்கப்படவில்லை. செய்தி போகிறது. மறுநாள் மறுப்பு வருகிறது!

என்ன ஆயிற்று என்றால், அந்த வழக்கறிஞர் விதியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். அதோடு, அதிபரின் தேர்தல் குழுவில் பொருளாளராக இருந்த ஸ்லோன் இதை விசாரணை ஜூரிகளிடம் சொன்னதாகச் செய்தியில் எழுதியிருந்தார்கள். ஜூரிகள் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை, அதனால் அவர் சொல்லவும் இல்லை. ஹால்டெமனின் பங்கு உண்மைதான். அது தெரியவந்ததாக எழுதிய வழிதான் தவறு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வெள்ளை மாளிகை மொத்தச் செய்தியையும் பொய் என்றது.

நிஜத்தில் இப்படித்தானா என்று கேட்டீர்கள். செயல்முறை பெரும்பாலும் சரி, ஆட்கள் குறைவு. வாட்டர்கேட் செய்திகளை நாள்தோறும் வழிநடத்திய நகரப் பிரிவு ஆசிரியர் பாரி சஸ்மன் அந்தப் படத்தில் பாத்திரமாகக்கூட வரவில்லை. இரண்டு நட்சத்திரங்களுக்கு இடம் வேண்டுமே.

'ஸ்பாட்லைட்' (2015) இவற்றிலேயே சிறந்தது என்பது என் கருத்து. ஆண்டுதோறும் வெளியாகும் பாதிரியார் முகவரிப் புத்தகங்களில் 'நோய் விடுப்பு' போன்ற குறிப்புகளை வரிவரியாகத் தேடிப் பட்டியல் தயாரிக்கும் காட்சிக்காகவே பார்க்கலாம். ஆனால் பேசுபொருள், பாதிரியார்கள் குழந்தைகள்மீது செய்த பாலியல் கொடுமை. காட்சியாக எதுவும் இல்லை, பாதிக்கப்பட்டவர்கள் வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள், அதுவே கனமானது. நீங்கள் முன்னதாகப் பார்த்துவிட்டு, அவள் அம்மாவுடன் பேசி முடிவெடுங்கள். ருமேனிய ஆவணப்படமான 'கலெக்டிவ்' (2019) கொஞ்ச காலம் பொறுக்கட்டும். அதில் இரவு விடுதித் தீ விபத்தின் உண்மைப் பதிவு இருக்கிறது.

வாட்டர்கேட் படத்தில் பெயர்கள் மழைபோலப் பொழியும். பெரியவர்களே தடுமாறுவார்கள். தொடங்கும் முன் ஹால்டெமன், ஸ்லோன், நிக்சனின் தேர்தல் குழுத் தலைவராக இருந்த மிட்செல் ஆகிய மூவரும் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆங்கில சப்டைட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள்.