காகிதக் கவரில் வரும் உதிரி மாத்திரைகள்: பெயரை எப்படிக் குறித்து வைப்பது?

"அம்மாவுக்குச் சுகர் இருக்கு. காய்ச்சலுக்கு கிளினிக்ல சின்ன கவர்ல மூணு விதமா மாத்திரை கொடுத்தாங்க, பேர் எதுவும் இல்ல. என்ன மாத்திரைன்னு எப்படி எழுதி வைக்கிறது?"

நிறத்தையும் வடிவத்தையும் வைத்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். நம் ஊர் மாத்திரைகள் பலவற்றில் அடையாள எழுத்தே இருக்காது. குட்டியாக, வெள்ளையாக, வட்டமாக இருப்பது சளிக்கான செட்ரிசினாகவும் இருக்கலாம், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். ஸ்டீராய்டு சுகரை நன்றாக ஏற்றிவிடும். அதனால் அந்த மூன்றில் இப்படிக் குட்டி மாத்திரை இருந்தால், உங்கள் அம்மா விஷயத்தில் முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இன்றே கிளினிக்குக்கு போன் செய்து, தேதியையும் அம்மா பெயரையும் சொல்லிக் கேளுங்கள். சுகர் இருப்பதையும் சொல்லிவிடுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். ஸ்டீராய்டு போல, மருந்துச் சீட்டு இருந்தால்தான் கடையில் தர வேண்டிய மருந்தை டாக்டரே கொடுத்தால், அதன் பெயரையும் அளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி.

கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் வேண்டும். கவர் மேலேயே இப்படி எழுதுங்கள்: "நீள வெள்ளை: பாராசிட்டமால் 650 மி.கி., 1-0-1, சாப்பிட்ட பின், 3 நாள்." கூடவே தேதி, கிளினிக் பெயர். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கவர் போடுங்கள். ஒரே கவரில் கலந்து கிடந்தால் எழுதியதற்குப் பயனில்லை. பிறகு மாத்திரையையும் கவரையும் சேர்த்து ஒரு போட்டோ. மாத்திரை தீர்ந்தாலும் அதை அழிக்காதீர்கள். சில நாள் கழித்து உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த டாக்டர் கேட்பது அதைத்தான்.

அடுத்த முறை, அட்டையிலிருந்து வெட்டும்போதே பெயர் தெரியும் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லவே மறுத்தால் மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லி வெளியே வாங்குங்கள்.