சுடுதண்ணிப் பிளாஸ்க்கில் மலேரியா லாம்ப்: கேள்வி பதில்

நெடுந்தீவு, எம்.எல்.ரி.: தேர்மல் சைக்கிளரும் இல்லை, ஹீட் புளொக்கும் இல்லை, கரண்டும் இடைக்கிடை போகும். றைஸ் குக்கரை 'வார்ம்' இல வைச்சு லாம்ப் ஓட்டலாமோ?

குக்கரை விடுங்கோ. அதில அடித்தட்டு ஒரு சூடு, நடுத்தண்ணி இன்னொரு சூடு. லாம்ப் என்பது கிருமியின் டிஎன்ஏயை ஒரே சூட்டில் பெருக்கிக் காட்டும் சோதனை. அதுக்கு வேண்டியது 62 தொடக்கம் 66 பாகை செல்சியசுக்குள் நிற்கிற ஒரே வெப்பநிலை, ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம். அதற்கு ஒரு லீற்றர் கொள்ளும் வாய் அகன்ற வக்கூம் பிளாஸ்க் போதும்.

கணக்கு இப்படி. உங்கட குழாய்த் தண்ணி 30 பாகை என்று வைப்போம். கேத்திலில் கொதித்தது ஊற்றும்போது 96 ஆக இறங்கியிருக்கும். 66 வேண்டுமென்றால் கொதிதண்ணி 545 மில்லிலீற்றர், பச்சைத்தண்ணி 455 மில்லிலீற்றர். அதற்கு முன் பிளாஸ்க்கைக் கொதிதண்ணியால் நிரப்பி ஐந்து நிமிடம் விட்டு ஊற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ச்சுவரே இரண்டு மூன்று பாகையைக் குடித்துவிடும். மூடியில் சின்னத் துளை போட்டு வெப்பமானியின் வயரை உள்ளே விடுங்கோ. திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும். முதல்நாள் ரியூப் போடாமல் வெறும் தண்ணியில் ஓட்டி, 45 நிமிடத்தில் எத்தனை பாகை இறங்குது என்று எழுதி வையுங்கோ. 62க்குக் கீழே போனால் அந்தப் பிளாஸ்க் வேண்டாம். 60க்குக் கீழே தாக்கம் மந்தமாகும், கிருமி குறைவாக உள்ள இரத்தம் நெகற்றிவ் போலவே தெரியும்.

இன்னொன்று. ரியூப்பை றெஜிபோமில் செருகி மிதக்கவிட்டால் மூடி தண்ணிக்கு மேலே நிற்கும். மூடி குளிர்ந்து, உள்ளே ஆவி துளித்துளியாய் ஒட்டும்; 25 மைக்ரோலீற்றரில் பாதி மேலே போய்விடும். சிப் பையில் ரியூப்புகளோடு இரண்டு இரும்பு நட்டுப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, முழுசா அமிழ்த்திவிடுங்கோ.

சாவகச்சேரி, ஆய்வுகூட உதவியாளர்: பி.எஸ்.ரி. நொதியம் தானே இழையைப் பிரிச்சுக்கொண்டு போகும். அப்ப 95 பாகைச் சூடு வீண்தானே? ரத்தத்தை நேரா விட்டால் என்ன?

பாதி சரி, தம்பி. தாக்கத்துக்கு 95 தேவையில்லை. அந்தச் சூடு இரத்தத்துக்கு. செங்குழியத்தையும் ஒட்டுண்ணியையும் உடைத்து, ஹீமோகுளோபினைத் திரள வைத்து அடியில் இருத்தத்தான் அது.

இரத்தம் 60 மைக்ரோலீற்றர், எஸ்.டி.எஸ். உள்ள பிரித்தெடுப்புத் திரவம் 60. கொதிக்கிற தண்ணியில் ஐந்து நிமிடம், பிறகு 10,000 ஜீயில் மூன்று நிமிடம் சுற்றுங்கோ. மேல்தெளிவில் 30 எடுத்து 345 தண்ணியோடு கலக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் ஆட்கள் தவிர்க்கினம். எஸ்.டி.எஸ். சவர்க்காரக் குணம் உள்ளது, பி.எஸ்.ரி.யைக் கொன்றுவிடும், பன்னிரண்டரை மடங்கு ஐதாக்கினால்தான் தாங்கும். கிளிப் மூடி ரியூப் சூட்டில் பட்டென்று திறக்கும், திருகு மூடி எடுங்கோ.

பருத்தித்துறை, விரிவுரையாளர்: பீனோல் றெட் கலவை பாவிக்கிறன். நோயாளி மாதிரிகள் ஓட்டத்துக்கு முதலே செம்மஞ்சளாய் நிற்குது. கலவை பழுதோ?

கலவை பழுதில்லை, உங்கட மாதிரியைப் பாருங்கோ. பீனோல் றெட் கலவையில் தாங்கற்பொருள் மிகமிகக் குறைவு. அமிலம் கொஞ்சம் கூடினாலே நிறம் மாறும்படி செய்தது. மேலே சொன்ன பிரித்தெடுப்புத் திரவத்தில் உள்ள ட்ரிஸ் என்ற தாங்கற்பொருள் 6.5 பீ.எச். உடையது. ஐதாக்கிய பிறகும் மிஞ்சுகிற துளி போதும், தொடக்க நிறத்தைக் குழப்ப. இந்த முறையோடு ஹைட்ரொக்சி நப்தோல் புளூதான் ஒத்துப்போகும். அது பீ.எச். பார்ப்பதில்லை, மக்னீசியம் குறைவதைப் பார்க்கும். ஊதா வானநீலமாகும். ஆனால் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஜன்னலோரம், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுங்கோ. ஓட்டத்துக்கு முன்னும் ஒரு படம்.

சாவகச்சேரி (மீண்டும்): எட்டு ரியூப் ஓட்டினன். பொசிற்றிவ் கொன்ரோல் சரி. தண்ணி மட்டும் விட்டது நெகற்றிவ். இரத்தம் இல்லாமல் பிரித்தெடுத்த வெறுமை 40 நிமிடத்தில் மாறிட்டுது. மூன்றாம் நோயாளி 22 நிமிடத்தில். மூன்றாமாள் பொசிற்றிவ் எண்டு எழுதலாமோ?

எழுத வேண்டாம். உங்கட கட்டுப்பாடுகளே இடத்தைக் காட்டுது. தண்ணி ரியூப் சுத்தம் என்றால் மாஸ்ரர் மிக்ஸ் சுத்தம். வெறுமை மாறியது என்றால் அழுக்கு பிரித்தெடுக்கிற மேசையில்: பிப்பெற், திரவப் போத்தல், அல்லது மூன்றாமாளின் இரத்தமே பக்கத்து ரியூப்பில் தெறித்தது. 22க்கும் 40க்கும் இடையிலான வித்தியாசம் மூன்றாமாள் உண்மை என்று நினைக்க வைக்கும். என்றாலும் அது ஊகம், அறிக்கை அல்ல. புதுத் திரவத்தில், ஃபில்ரர் உள்ள ரிப்போடு, அவருடைய இரத்தத்தையும் ஒரு வெறுமையையும் திரும்பச் செய்யுங்கோ. இரத்தத் தடவலை அதுவரை காத்திராமல் உடனே நுணுக்குக்காட்டியில் பாருங்கோ.

முடிந்த ரியூப்பைத் திறக்கவே கூடாது. ஒன்றில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும். ஒட்டோகிளேவிலும் போடாதேங்கோ, மூடி வெடித்தால் அறை முழுக்க அதுதான். இரட்டைச் சிப் பையில் பூட்டியபடி கழிவுக்கு. சீலிங் ஃபானை நிறுத்தி வேலை செய்யுங்கோ.

கோப்பாய், தாயார்: மகன் ஆபிரிக்காவில வேலை செய்து வந்து பத்து நாள். நேற்று தொடக்கம் காய்ச்சல். இந்த லாம்ப் சோதனையை எங்க செய்விக்கலாம் ஐயா?

அம்மா, லாம்ப்பைத் தேட வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆபிரிக்காவால் வந்தவர் என்று முதல் வசனமாகச் சொல்லுங்கோ. மலேரியா இரத்தத் தடவலும் துரிதச் சோதனையும் இன்றைக்கே செய்வினம். முதல் தடவலில் ஒன்றும் இல்லை என்றாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். 12 தொடக்கம் 24 மணித்தியால இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கோ. பல்சிபாரம் என்ற கடுமையான வகை என்றால் ஒரு நாள் தாமதமே ஆபத்து.

யாழ்ப்பாணம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: நுணுக்குக்காட்டிக்குப் பிடிபடாததை லாம்ப் பிடிக்குமே. அப்ப வெளிநாட்டால வாற எல்லாரையும் லாம்ப்பில போட்டால் நல்லதுதானே?

உணர்திறன் கூட, உண்மை. ஆனால் 2016 இல் மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த நாடு இது. ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் இருக்கிறது என்று வைப்போம். சோதனையின் குறித்தன்மை 99 வீதம் என்றாலும், இல்லாத 999 பேரில் பத்துப்பேர் பொசிற்றிவ் என்று வருவினம். பதினொன்றில் ஒன்றுதான் உண்மை. போதாததற்கு, சிகிச்சை முடிந்து கிருமி செத்த பிறகும் டிஎன்ஏ சில வாரம் மிஞ்சும். போன மாதம் மருந்து குடித்தவரும் பொசிற்றிவ் ஆகலாம். காய்ச்சல் உள்ளவரிலும், மலேரியா உள்ள ஊரால் வந்தவரிலும் மட்டும் என்றால் நானும் உடன்படுவன்.

பரிசோதகர்: காய்ச்சல் இல்லாமல் கிருமியோட திரியிறவரை அப்ப ஆர் பிடிக்கிறது? மலேரியா பரப்பிற ஸ்டெபன்சி நுளம்பு இப்ப எங்கட கிணறுகளிலும் இருக்குதே.

நியாயமான கேள்வி. அந்த நுளம்பு மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் பிடிபட்டதால், அறிகுறி இல்லாத ஒருவரைத் தவறவிடுவதன் விலை முன்னரைவிடக் கூட. பத்துப் பேரைத் திரும்பச் சோதிக்க உங்களிடம் ஆளும் ரியூப்பும் இருந்தால் கணக்கு மாறும். இதில் என் முடிவை உறுதியாகச் சொல்லமாட்டன்.