எஃப்டியை உடைப்பதா, அதன் மேல் கடன் வாங்குவதா? தர்மபுரி ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் பதில்கள்

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு வைத்திருப்பவர்: மாங்கூழ் ஃபேக்டரிக்குக் காய் போட்டாச்சு, பணம் வர அஞ்சு மாசம் ஆகும்போல. பறிப்புக் கூலிக்கும் லாரி வாடகைக்கும் ஒன்றரை லட்சம் உடனே வேணும். நாலு லட்சம் எஃப்டி மூணு வருசத்துக்குப் போட்டது, ரெண்டு வருசம் ஓடிடுச்சு. உடைச்சிடலாமாங்க?

உடைக்காதீங்க. அரை சதவீத அபராதம்தானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது பாதிக் கதை. உடைக்கிற அன்னைக்கு, மூணு வருசத்துக்குச் சொன்ன வட்டியை வங்கி கணக்கில் எடுக்காது. நீங்க பணம் போட்ட நாளில் ரெண்டு வருச டெபாசிட்டுக்கு என்ன வட்டி இருந்ததோ அதை எடுத்து, அதில் அபராதத்தைக் கழிச்சு, முதல் நாளிலிருந்தே மொத்தத் தொகைக்கும் போடும்.

ரசீதில் 7 சதவீதம் இருக்குன்னு வெச்சுக்குவோம். அன்னைக்கு ரெண்டு வருசத்துக்கு 6.8 இருந்திருந்தா, அபராதம் அரை போக 6.3. அதாவது நாலு லட்சத்துக்கும் ரெண்டு வருசத்துக்கும் 0.7 சதவீதம் போச்சு. கூட்டு வட்டியை விட்டுட்டுப் பார்த்தாலே 5,600 ரூபாய். உங்களுக்குத் தேவை ஒன்றரை லட்சம்; நட்டமோ நாலு லட்சத்துக்கும்.

கடன்னா, பெரும்பாலான வங்கிகள் டெபாசிட் வட்டிக்கு மேல ஒரு சதவீதம் போடுவாங்க. சில இடத்தில் ரெண்டு வரைக்கும் போகும், கேட்டுக்குங்க. 8 சதவீதத்தில் ஒன்றரை லட்சத்துக்கு அஞ்சு மாச வட்டி 5,000. ஆனா அதே ஒன்றரை லட்சம் உள்ளே 4,375 சம்பாதிச்சுட்டு இருக்கும். கையிலிருந்து போறது 625 ரூபாய்தான்.

கிளைக்குப் போகும்போது ரசீது, பாஸ்புக் ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. ரசீதின் பின்பக்கம் கையெழுத்து வாங்கி, டெபாசிட்டின் மேல லீன் போட்டுடுவாங்க. அதாவது கடன் தீரும்வரை அந்தப் பணத்தை நீங்க எடுக்க முடியாது. மொத்தமா கடனா வாங்காம ஓவர்டிராஃப்டா கேளுங்க. டெபாசிட்டில் 90 சதவீதம், அதாவது 3,60,000 வரைக்கும் லிமிட் கிடைச்சாலும், எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. ஃபேக்டரிக்காரர் பாதிப் பணம் முன்னாடியே கொடுத்தா, அன்னைக்கே கட்டி வட்டியைக் குறைச்சிடலாம்.

ஓசூர், கம்பெனி ஊழியர்: அப்போ எப்பவுமே லோன்தான் லாபம் சார். வித்தியாசம் ஒரு சதவீதம்தானே. நான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போட்ட மூணு லட்சத்தை வெச்சே நிலத்துக்குப் பணம் கட்டலாம்னு இருக்கேன். 20 சதவீத வரி ஸ்லாப்ல இருக்கேன்.

‘எப்பவுமே’ங்கிறதை மட்டும் எடுத்துடுங்க. மாந்தோப்புக்காரர் அஞ்சு மாசத்தில் திருப்பிக் கட்டுவார். நிலத்தில் போட்ட பணம் உங்களுக்கு எப்போ திரும்பும்?

ரெண்டு மாசம்தான் ஓடியிருக்குன்னா உடைக்கிறதில் இழப்பு சின்னது. 7 சதவீதத்துக்குப் பதிலா குறுகிய கால வட்டி 5, அபராதம் போக 4.5ன்னு வெச்சாலும், மூணு லட்சத்துக்கு ரெண்டு மாசத்தில் 1,250 ரூபாய்தான் போகும். கடன் வாங்கினா அதிகபட்சம் 90 சதவீதம், 2,70,000. ஒரு சதவீத வித்தியாசமே வருசத்துக்கு 2,700. ஆறு மாசத்துக்குள்ளேயே உடைச்சதை விட அதிகமா செலவாயிடும்.

இதில் வரியை யாரும் எண்ணுறதில்லை. டெபாசிட் வட்டி உங்க வருமானம், அதுக்கு வரி உண்டு. கட்டுற கடன் வட்டியை அதில் கழிக்க முடியாது. 2,70,000க்கு 7 சதவீதம் 18,900. அதில் செஸ் சேர்த்து 20.8 சதவீதம்னா ஏறக்குறைய 3,900 வரி. ஒரு சதவீத வித்தியாசம்னு நீங்க சொல்றது நிஜத்தில் வருசத்துக்கு 6,600 ரூபாய். இந்த விசயத்தில் வரி கட்டாத விவசாயியும் நீங்களும் ஒண்ணு இல்லை. நீங்க உடைங்க.

அதே ஓசூர்க்காரர்: தொழிலுக்கு வாங்கினா கழிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

தொழிலுக்கு வாங்கி, தொழிலில் போட்டு, கணக்கும் வெச்சிருந்தா அந்த வட்டி தொழில் செலவில் வரும். நீங்க சம்பளக்காரர், வாங்குறது நிலம், அது பொருந்தாது. வீட்டம்மா பேர்ல கடை இருந்து அதுக்குன்னு வாங்கினா எப்படி எடுத்துக்குவாங்கன்னு ஆடிட்டர்கிட்ட கேளுங்க, நான் சொல்லி நீங்க மாட்டிக்க வேணாம்.

அரூர், குடும்பத் தலைவி: அண்ணா, எங்க டெபாசிட் போஸ்ட் ஆபீஸ்ல இருக்கு. அவருக்கு வரிக்காகப் போட்ட அஞ்சு வருச எஃப்டியும் பேங்க்ல ஒண்ணு இருக்கு. எது மேல வாங்கலாம்?

அந்த வரிசேமிப்பு எஃப்டியை மறந்துடுங்கம்மா. அஞ்சு வருசம் முடியும் வரை உடைக்கவும் முடியாது, கடனும் கிடையாது. தபால் நிலையமும் டைம் டெபாசிட் மேல நேரா கடன் கொடுக்காது. அதை வங்கியில் அடமானம் வைக்க விதி இடம் கொடுக்குது, ஆனா அலைச்சல் பார்த்து ஒத்துக்கிற கிளை கம்மி. உங்க கணக்கு இருக்கிற கிளையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

பாலக்கோடு: அம்மா பேர்லயும் என் பேர்லயும் சேர்ந்து டெபாசிட். நான் மட்டும் போய் கையெழுத்துப் போட்டா போதுமா? ‘யாராவது ஒருவர்’னுதான் போட்டிருக்கு.

அது முதிர்வுக்கு அப்புறம் பணம் வாங்குறதுக்கு. கடனுக்கு ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்.

இன்னொண்ணு. மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி அந்த டெபாசிட்டில் இருந்தா, கடன் வட்டியும் அதுக்கு மேலதான் நிற்கும். 7.5 கிடைச்சா கடன் 8.5. பணத்தைச் செலவு பண்றது நீங்க, பிடிபடுறது அம்மாவோட டெபாசிட். அதை அவங்ககிட்ட தெளிவா சொல்லிட்டுப் போங்க. கவுண்டரில் இருந்தப்போ, கையெழுத்துப் போட்ட பாட்டிக்கு எதுக்குப் போட்டோம்னே தெரியாம நின்னதைப் பார்த்திருக்கேன்.

தேன்கனிக்கோட்டை: எனக்கு வேற பிரச்சனை. ரெண்டு லட்சம் எஃப்டி மேல 1,80,000 முழுசா எடுத்து ஒரு வருசம் ஆகுது. டெபாசிட் உள்ளேயே வளருதே, கடைசியில் கழிச்சுக்குவாங்கன்னு விட்டுட்டேன். இப்போ லிமிட் தாண்டிடுச்சுன்னு மெசேஜ் வருது.

டெபாசிட் வளருது, ஆனா உங்க ஓவர்டிராஃப்ட் லிமிட் வளராது. 8 சதவீதத்தில் மாசம் 1,200 ரூபாய் வட்டி உங்க கணக்கில் ஏறிட்டே இருந்திருக்கும். முழு லிமிட்டையும் முதல் நாளே எடுத்துட்டதால, முதல் வட்டி ஏறின மாசமே தாண்டியிருக்கும். இப்போ பாக்கி 1,94,000க்கு மேல இருக்கும். டெபாசிட்டும் 2,14,000 பக்கம் வந்திருக்கும். அதனால வங்கிக்குப் பயமில்லை. ஆனா கணக்கு நிலுவைன்னு சிபில்ல பதிவாகலாம். இன்னும் இழுத்தா, வங்கியே டெபாசிட்டை முன்கூட்டி முடிச்சு எடுத்துக்கும். அப்போ உடைச்ச நட்டமும் உங்களுக்குத்தான், கடன் வட்டியும் உங்களுக்குத்தான்.

லிமிட்டுக்கு மேல இருக்கிற பதினாலாயிரத்துச் சொச்சத்தை முதலில் கட்டுங்க. அப்புறம் மாசா மாசம் 1,200ஐ சேமிப்புக் கணக்கிலிருந்து தானா போக ஏற்பாடு பண்ணிடுங்க. முதிர்வு எந்த மாசம்னும், அன்னைக்குத் தானா புதுப்பிக்கச் சொல்லியிருக்கான்னும் பாருங்க. சொல்லியிருந்தா, கடனை முடிக்கணும்னு முன்கூட்டியே எழுதிக் கொடுங்க.

காவேரிப்பட்டணம்: நாலு லட்சத்தையும் ஒரே ரசீதா போட்டதுதான் தப்பா?

தப்புன்னு இல்லீங்க. அடுத்த தடவை ஒவ்வொரு லட்சமா நாலு ரசீது போடுங்க. உடைக்க வேண்டி வந்தாலும் ஒண்ணு, ரெண்டோட போயிடும். வட்டி விகிதம் ஒண்ணுதான். பெரிய தொகைக்கு அபராதம் கூடுதலா வெச்சிருக்கிற வங்கிகள்ல அதுவும் மிச்சமாகலாம்.