கிளிப் போட வரும் பிள்ளைக்கு வீடியோவில் என்ன காட்டுவது, எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் பல் கிளினிக்கில் கிளிப் போட வரும் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன வீடியோ தயாரித்தோம். பற்கள் ஆடிப் பாடும், கடைசியில் டாக்டர் வந்து 'கொஞ்சமும் வலிக்காது' என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் பழையபடி பயப்படுகிறார்கள். ஸ்கிரிப்ட்டை எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: ஆடிப் பாடும் பல்லைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கு, அடுத்த ஒரு மணி நேரம் தன் வாய்க்குள் என்ன நடக்கும் என்பது அப்போதும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் பயம். அதனால் ஸ்கிரிப்ட்டை டாக்டர் செய்யும் வேலைகளின் வரிசையில் எழுதாதீர்கள். பிள்ளையின் உதடு, நாக்கு, காது, கண் ஆகியவை எதை எந்த வரிசையில் உணருமோ அந்த வரிசையில் எழுதுங்கள்.

முதலில் உங்கள் கிளினிக்கில் கிளிப் போடும் முறையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமான முறை இது: பல்லைச் சுத்தம் செய்வது, உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக்கை வைப்பது, நீல ஜெல்லைத் தடவி 15 முதல் 30 விநாடி விடுவது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காற்று ஊதிக் காயவைப்பது, பசை தடவிய பிராக்கெட்டை வைத்து நீல விளக்கைக் காட்டுவது, கடைசியாகக் கம்பியைச் செருகி வண்ண ரப்பர் வளையங்களை மாட்டுவது. கடைவாய்ப் பல்லுக்கு வளையப் பட்டை போடுபவர்களாக இருந்தால், அதற்குச் சில நாள் முன்பே பல்லிடுக்கில் செப்பரேட்டர் ரப்பர் வைத்திருப்பீர்கள். அப்போது பிள்ளையின் முதல் அனுபவம் அந்த ரப்பர்தான், வீடியோவும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். வேறொரு கிளினிக்கின் முறையைக் காட்டும் வீடியோ உங்களுக்கு உதவாது. வீடியோவில் இல்லாத ஒரு பொருள் கண்முன் வந்தால், அதுவரை சொன்ன எல்லாவற்றையும் பிள்ளை சந்தேகிக்கும்.

இப்போது ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், அது எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். பிளாஸ்டிக் விலக்கி வலிக்காது, ஆனால் வாய் அகலமாக இழுபட்டு எச்சில் ஊறும். வாயைத் திறந்துகொண்டே எச்சில் விழுங்கத் திணறுவதுதான் பல பிள்ளைகளைப் பதறவைக்கிறது. எச்சில் உறிஞ்சும் குழாய் 'சர்' என்று சத்தம் போடும். ஜெல் நாக்கில் பட்டால் புளிக்கும். காற்று ஜில்லென்று இருக்கும். விளக்கு பீப் என்று ஒலிக்கும், அப்போது கண்ணுக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி மாட்டுவார்கள். கடைசியில் கம்பியின் நுனியை வெட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இந்தச் சத்தங்களை உங்கள் அறையிலேயே பதிவுசெய்து வீடியோவில் அப்படியே வையுங்கள், பின்னணி இசையால் மூடிவிடாதீர்கள். நாற்காலியில் அதே சத்தத்தைக் கேட்கும்போது 'இது அந்த உறிஞ்சும் குழாய்' என்று பிள்ளையே அடையாளம் கண்டுகொள்ளும்.

யாரை நடிக்கவைப்பது என்பதில் பல வீடியோக்கள் தவறுகின்றன. தொடக்கத்திலிருந்தே சிரித்தபடி இருக்கும் பிள்ளையைக் காட்டினால், பார்க்கும் பிள்ளைக்கு 'அவளுக்குப் பயமே இல்லை, எனக்குத்தான் இருக்கிறது' என்று தோன்றும். கொஞ்சம் பயந்து, கேள்வி கேட்டு, நடுவில் ஒருமுறை நிறுத்தச் சொல்லி, பிறகு செய்து முடிக்கும் பிள்ளையே உண்மையான துணை. வயது 11 அல்லது 12 இருக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டால் அவர்கள் முகம் சுளிப்பார்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள்.

பெரிய தாடை மாதிரி ஒன்றையும் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். அதில் பாதிப் பற்களுக்கு மட்டும் பிராக்கெட் ஒட்டியிருக்கட்டும். டாக்டர் அதைக் கையில் பிடித்து விளக்கிக்கொண்டே போவதைவிட, நடிக்கும் பிள்ளை விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது. 'சொல், காட்டு, செய்' என்று குழந்தைப் பல் மருத்துவத்தில் பழகிப்போன முறையின் நடுப்பகுதி இதுதான். 1959-இல் ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிய அந்த முறை இன்றும் நாற்காலிப் பக்கத்தில் பயன்படுகிறது. வீடியோவால் முதல் இரண்டைத்தான் செய்ய முடியும். மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது.

அனிமேஷன் பல்லுக்கு வருவோம். பல்லின் முகத்தை வரைபவர்கள் கண்ணையும் வாயையும் முன்பக்கத்தின் நடுவில் போடுவார்கள். பிராக்கெட் ஒட்டும் இடமும் அதேதான். விளைவு, சிரிக்கும் பல்லின் வாயிலோ மூக்கிலோ உலோகத்தை அறைந்ததுபோல் ஒரு காட்சி. மேல் பல்லாக இருந்தால் கண்களை ஈறை ஒட்டி மேலே வரைந்து, நடுப்பகுதியை வெறுமையாக விடுங்கள். பல்லை அழவிடாதீர்கள். நகரும் பல்லைக் காந்தம் இழுத்ததுபோல் சட்டென்று ஓடவிடவும் வேண்டாம், அப்படிப் பார்த்த பிள்ளை தன் பல்லும் அப்படிப் பிடுங்கப்படும் என்றே நினைக்கும். உண்மையில் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு மெத்தைபோல இருக்கிறது. கம்பி மெதுவாகத் தள்ளும்போது, பல் போகும் பக்கத்தில் எலும்பு கொஞ்சம் கரைந்து வழிவிடும், பின்னால் புது எலும்பு வளரும். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். ஒரு நாட்காட்டியின் தாள்கள் புரள, பல் துளித்துளியாக நகர்வதைக் காட்டினால் போதும்.

இங்கே ஒரு வரி கட்டாயம் வேண்டும். கிளிப் போட்ட பற்கள் லேசாக ஆடும். இந்த வயதுப் பிள்ளைக்குப் பல் ஆடினால் என்ன நடக்கும் என்பது நன்றாகவே தெரியும், பால்பல் விழுந்த அனுபவம் இன்னும் மறந்திருக்காது. சொல்லாமல் விட்டால் இரவில் விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, விழப்போகிறது என்று யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருக்கும். 'இது விழறதுக்காக ஆடலை, இடம் மாறுறதுக்காக ஆடுது. சரியான இடத்துக்கு வந்ததும் மறுபடி கெட்டியாகிடும்' என்று அனிமேஷன் பல்லையே சொல்லவையுங்கள்.

'கொஞ்சமும் வலிக்காது' என்ற வசனத்தை எடுத்துவிடுங்கள். நாற்காலியில் இருக்கும்போது அது பெரும்பாலும் உண்மை. ஆனால் சில மணி நேரத்தில் பற்களில் ஒரு வலி தொடங்கும், மறுநாள் அதிகமாகும், பிறகு குறைந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். இதை வீட்டில் தனியாகக் கண்டுபிடிக்கும் பிள்ளை அடுத்த முறை உங்கள் பேச்சை நம்பாது. ஊசி விஷயத்திலும் வார்த்தையை அளந்து பேசுங்கள். 'ஊசியே கிடையாது' என்று சொல்லிவிட்டால், பின்னாளில் இடத்துக்காக ஒரு பல்லை எடுக்க வேண்டிய பிள்ளைக்கு அது பொய்யாகிவிடும். 'இன்னைக்கு' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டரை நிமிட ஸ்கிரிப்ட்டின் முக்கியப் பகுதிகளை எழுதிக் காட்டுகிறேன். மொத்தப் பேச்சு 200 சொல்லைத் தாண்ட வேண்டாம், மிச்ச நேரம் சத்தங்களுக்கும் மௌனத்துக்கும்.

முதல் 25 விநாடி. மீனா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா அவள் கண் மட்டத்தில் இருக்கிறது.
மீனா: 'டாக்டர், ஊசி போடுவீங்களா?'
டாக்டர்: 'இன்னைக்குச் செய்யற வேலைக்கு ஊசி தேவையில்லை மீனா. பல்லு மேல ஒட்டத்தான் போறேன். இதைத் தொட்டுப் பாரு.'
மீனா தாடை மாதிரியில் உள்ள பிராக்கெட்டை விரலால் தடவுகிறாள்.

அடுத்த 20 விநாடி, நிறுத்தச் சொல்லும் சைகை.
டாக்டர்: 'நிறுத்தணும்னா இடது கையைத் தூக்கு. நான் நிறுத்திடுவேன். வாய் மட்டும் திறந்தபடியே இருக்கட்டும்.'
கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காய்ந்த பல்லில் எச்சில் பட்டால் பசை சரியாகப் பிடிக்காது, மறுபடி கழுவிக் காயவைக்க வேண்டியிருக்கும். கவனிக்காமல் ஒட்டினால் சில நாளில் பிராக்கெட் கழன்று வரும்.

அடுத்த 60 விநாடி, வாய்க்குள். நிஜக் காட்சியும் அனிமேஷனும் மாறி மாறி வரும்.
டாக்டர்: 'வாய் அகலமா இருக்கும், எச்சில் ஊறும். விழுங்க வேண்டாம், குழாய் எடுத்துக்கும். நீ மூக்கால மூச்சு விடு.'
குழாய்ச் சத்தம். மீனா கையைத் தூக்குகிறாள். எல்லாம் நிற்கிறது. மூன்று விநாடி மௌனம். அவள் தலையசைத்ததும் வேலை தொடர்கிறது.
அனிமேஷன் பல்: 'இந்த நீல ஜெல் நாக்குல பட்டா புளிக்கும். இதோ, தண்ணி வருது!'

அடுத்த 15 விநாடி. மீனா ரப்பர் வளையத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறாள். இது விளையாட்டுக் காட்சிபோல் தெரிந்தாலும், முழு வேலையிலும் பிள்ளை தானே முடிவெடுக்கும் இடம் இது ஒன்றுதான். இதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

கடைசி 30 விநாடி, வீடு.
டாக்டர்: 'சாயங்காலம் பல்லு வலிக்க ஆரம்பிக்கும், நாளைக்குக் கொஞ்சம் அதிகமா இருக்கும். அப்புறம் குறையும். அதுவரைக்கும் மிருதுவான சாப்பாடு. கன்னத்துல உரசுதுன்னா பிராக்கெட்டைத் துடைச்சுட்டு இந்த மெழுகை உருட்டி வை.'
துடைக்கும் காட்சியை அருகில் காட்டுங்கள், ஈரத்தின் மேல் மெழுகு நிற்காது.

வரவேற்பறைத் தொலைக்காட்சியில் மட்டும் இதை ஓடவிட்டால் பலன் குறைவு. உள்ளே கூப்பிடப்போகும் பதற்றத்தில் பிள்ளை அதைக் கவனிக்காது. முந்தைய நாளே பெற்றோருக்கு அனுப்பி, பிள்ளையோடு சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எடுத்து முடித்ததும் அந்த வயதுப் பிள்ளைகள் சிலருக்குப் போட்டுக் காட்டுங்கள். 'பிடிச்சிருக்கா?', 'பயம் போச்சா?' என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். 'உள்ள போனா முதல்ல என்ன செய்வாங்க, அப்புறம் என்ன?' என்று கேளுங்கள். பிள்ளை விட்டுவிடும் படி எதுவோ, அந்தக் காட்சி தெளிவாக இல்லை. பார்த்து முடித்தபின் 'கழட்டும்போது பல்லும் கூட வந்துடுமா?' என்று யாராவது கேட்டால், பிராக்கெட்டைச் சிறு குறட்டால் அழுத்திக் கழற்றுவதையும் பல்லில் மிஞ்சும் பசையைத் தேய்த்தெடுப்பதையும் தாடை மாதிரியிலேயே ஒரு பத்து விநாடி காட்டிச் சேர்த்துவிடுங்கள்.