பன்னிரண்டு லட்சமா, ஐம்பத்தைந்தாயிரமா? – சம்பளக் கேள்வி-பதில்

நண்பனுக்கு 45 ஆயிரம், எனக்கு 50 ஆயிரம். யாருக்கு அதிகம்?

இது பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையா, பிடித்தத்துக்கு முந்தைய தொகையா, எத்தனை மணி நேர வேலைக்கு என்பதில் ஒன்றைக்கூட எழுதாமல் தீர்ப்பு மட்டும் கேட்கிறீர்கள். இருவருடைய பே ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

எனக்கு வைப்பு நிதிக்கு மாதம் 6,000 பிடிக்கிறார்கள். வேறு நிறுவனத்தில் இருக்கும் தோழிக்கு 1,800 மட்டுமே. அவள் கொடுத்துவைத்தவளா?

வைப்பு நிதிக்கான சம்பளத்துக்கு 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 விழுக்காடுதான் அந்த 1,800. உங்கள் நிறுவனம் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கிறது. பொதுவாக அதே அளவைத் தன் பங்காகவும் போடுகிறது. தோழிக்கு இன்று கையில் கூடுதலாக வருகிறது, உங்களுக்குக் கணக்கில் கூடுதலாகச் சேர்கிறது. கைக்கு வருவதை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினேனோ, எனக்கே நினைவில்லை.

நாங்கள் பள்ளித் தோழர்கள். ஒருவர் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார், மற்றவர் ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாக ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். எங்கள் உரையாடலை அப்படியே அனுப்புகிறோம், பிழை எங்கே என்று சொல்லுங்கள்.

கேட்கும் முறை இப்படி இருக்க வேண்டும். கூச்சமில்லாமல் பேசியிருக்கிறார்கள், அதைவிட முக்கியமாகக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். கடிதத்தின் தொடக்கம் இது:

"உனக்கு எவ்வளவு தருகிறார்கள்?"

"வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். உனக்கு?"

"மாதம் ஐம்பத்தைந்தாயிரம். அப்படியானால் என்னைப்போல் இரண்டு மடங்கு வாங்குகிறாய்."

"அவ்வளவு கையில் வந்தால் நான் ஏன் மாதக் கடைசியில் உன்னிடம் கடன் கேட்கிறேன்?"

பிழை முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கிறது. ஒருவர் சொன்னது சி.டி.சி., அதாவது நிறுவனம் அவருக்காக ஆண்டில் செலவிடுவதாகக் கணக்கெழுதும் மொத்தத் தொகை. மற்றவர் சொன்னது வங்கிக் கணக்கில் விழும் தொகை. முன்னது மூட்டையோடு நிறுத்தது, பின்னது உமி நீக்கி அளந்தது. சி.டி.சி.யைச் 'சம்பளம்' என்று சொல்லும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. ஆள் எடுக்கும்போது தொகையைப் பெரிதாகக் காட்ட உதவும் அந்தச் சொல்லை வாங்குபவர்களே பெருமையாகச் சொல்லித் திரிவதை இன்னும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் பன்னிரண்டு லட்சத்தைப் பிரிப்போம். அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 என்று எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு 72,000, பணிக்கொடைக்கு ஒதுக்கீடு 29,000, மருத்துவக் காப்பீடு 12,000, இலக்கை எட்டினால் தரப்படும் மாறும் ஊதியம் 1,20,000 ஆகியவற்றைக் கழித்தால் 9.67 லட்சம் மிஞ்சும். மாதத்துக்கு 80,500 ரூபாய். அதில் அவருடைய சொந்த வைப்பு நிதிப் பங்கு 6,000 போகும், தொழில்வரியும் சிறிது போகும். புதிய வரிமுறையில் 75,000 நிலைக்கழிவுக்குப் பின் அவர் வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் வருமான வரி இல்லை. கையில் ஏறத்தாழ 74,000 வருகிறது.

இனி ஆலைக்காரரை அதே தராசில் ஏற்றுவோம். பிடித்தத்துக்கு முன் அவருக்கு மாதம் 60,000, ஆண்டுக்கு 7.2 லட்சம். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 40,000 என்பதால் ஆலையின் வைப்பு நிதிப் பங்கு ஆண்டுக்கு 58,000, பணிக்கொடை 23,000. தொழிற்சங்க ஒப்பந்தப்படி தீபாவளிக்கு 60,000 வருகிறது. காப்பீட்டுக்கு 12,000 வைத்துக்கொள்வோம். இவை அனைத்தும் அவர் பே ஸ்லிப்பிலும் ஒப்பந்த நகலிலும் இருந்தும், நண்பரிடம் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது: வீட்டுக்கு அருகில் வந்து ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸும் கேன்டீன் சாப்பாடும். இவற்றுக்கு என்ன விலை வைப்பது என்று திணற வேண்டாம். மென்பொருள் நண்பர் பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மாதம் 6,500 செலவிடுவதாக எழுதியிருக்கிறார். அந்தச் செலவு ஆலைக்காரருக்கு இல்லை என்பதால் ஆண்டுக்கு 78,000 என்று அவர் பக்கம் சேர்த்துவிடலாம். எல்லாம் கூட்டினால் ஒன்பதரை லட்சம் வருகிறது.

மாறும் ஊதியத்தை முழுதாக எண்ணக் கூடாது என்பதை மறுபடியும் சொல்கிறேன். வாக்களித்த தொகையை விட்டுவிட்டு, கடந்த ஆண்டு உண்மையில் வந்ததைப் போடுங்கள். மென்பொருள் நண்பருக்கு 60 விழுக்காடுதான் வந்திருக்கிறது. எனவே 48,000 குறைந்து, பன்னிரண்டு லட்சம் பதினொன்றரை லட்சமாகிறது. இரண்டு மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் இப்போது இரண்டு லட்சம்.

வேலை நேரத்தையும் இருவரும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆலையில் ஆறு நாள், எட்டு மணி நேர ஷிப்ட், வாரம் 48 மணி. மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து நாள்தான் என்றாலும், இரவு அழைப்புகளையும் சேர்த்துக் குறித்து வைத்ததில் வாரம் 55 மணி வந்திருக்கிறது. ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டால் ஆலைக்காரருக்கு மணிக்கு ஏறத்தாழ 400 ரூபாய், மற்றவருக்கு 420. ஆலைக்காரர் ஓ.டி. பார்த்தால் அவருக்கு இரட்டிப்புக் கூலி சட்டப்படி உண்டு. மற்றவருடைய இரவு அழைப்புக்குத் தனியாக ஒரு பைசாவும் இல்லை. ஓ.டி. பணத்தையும் நேரத்தையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனாலும் ஆலைக்காரர் உடனே மார்தட்ட வேண்டாம். ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் திருத்தப்படும் என்று அவரே எழுதியிருக்கிறார். நண்பருக்கோ வேலை மாறினால் ஒரே தாவலில் ஏறும். ஆனால் நிரந்தரப் பணியில் ஐந்தாண்டு முடியாமல் தாவுகிறவருக்குப் பணிக்கொடை கிடைக்காது. அப்படிப்பட்டவர் அந்த 29,000 ரூபாயைச் சி.டி.சி.யில் இருந்து அடித்துவிட வேண்டும்.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கிறேன். மாதச் சம்பளம் வாங்கும் தோழியோடு எப்படி ஒப்பிடுவது?

நல்ல வாரத்தின் கூலியை நான்கால் பெருக்காதீர்கள். ஆர்டர் இல்லாத நாள்களும் அடங்கும்படி பன்னிரண்டு மாத வரவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். உங்களுக்கு 0.75 விழுக்காடு, முதலாளிக்கு 3.25, குடும்பத்தில் ஒரு அறுவைச் சிகிச்சை வந்தால் அதன் மதிப்பு தெரியும்.

நண்பரிடம் சம்பளத்தைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

உங்களுடையதை முதலில் சொல்லுங்கள், பிரித்துச் சொல்லுங்கள். "பிடித்தத்துக்கு முன் எனக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, வாரம் இத்தனை மணி நேரம், உனக்கு எப்படி?" என்று கேட்டால் அவரும் அதே வரிசையில் சொல்வார். "எவ்வளவு வாங்குகிறாய்?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும்.

பே ஸ்லிப்பைப் படம் எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தவறா?

வங்கிக் கணக்கு எண், பான் எண், வைப்பு நிதியின் யு.ஏ.என். எண் மூன்றும் அதே தாளில் இருந்திருக்குமே! உடனே நீக்குங்கள். நண்பருக்குத் தேவை தொகைகள் மட்டுமே. அவற்றைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். சம்பளத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று உங்கள் நியமனக் கடிதத்தில் வாசகம் இருக்கிறதா என்பதை அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.