பிராக்ஸி கட்டியும் ஓடாத டைம்லைன்

அண்ணா, 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் மூன்று நிமிட அனிமேஷன் படம் செய்கிறேன். எடிட்டிங்கும் பிளெண்டரிலேயேதான். 18 ஷாட்டின் சீன்களையும் நேராக டைம்லைனில் போட்டேன். நொடிக்கு இரண்டு ஃப்ரேம் ஓடினாலே அதிகம். ரெண்டர் முடிந்த நான்கு ஷாட்டுக்குப் பிராக்ஸி கட்டினேன், அப்போதும் அப்படியேதான். வேறு கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. எங்கே தவறு?
— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த நான்கு ஷாட். பிராக்ஸியைக் கட்டினால் மட்டும் போதாது, அதைக் காட்டு என்றும் சொல்ல வேண்டும். ப்ரிவ்யூ பகுதியில் N அழுத்தி View தாவலைத் திறந்து பாருங்கள். Resolution என்ற இடத்தில் Scene Size என்றுதான் இருக்கும். அப்படி இருக்கும்வரை பிளெண்டர் பிராக்ஸியைத் தொடாது. நீங்கள் கட்டியது 25% என்றால் இங்கேயும் 25% வையுங்கள், Use Proxies-இல் டிக் இருக்கட்டும். 1920×1080 படம் ஒன்றை விரித்தால் நினைவகத்தில் சுமார் 8 எம்பி. 24 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 200 எம்பி. 25% பிராக்ஸியில் அது பதினாறில் ஒரு பங்கு. இறுதி ரெண்டர் எப்போதும் மூலப் படங்களையே எடுக்கும் என்பதால் தரம் குறையுமோ என்ற பயம் வேண்டாம்.

மீதி 14 ஷாட்டின் நோய் வேறு. பிராக்ஸி என்பது ஏற்கெனவே இருக்கும் படத்தின் சின்ன நகல். சீனை அப்படியே டைம்லைனில் போட்டால் அங்கே படமே இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எலும்பு, துணி, முடி எல்லாவற்றையும் உங்கள் லேப்டாப் புதிதாகக் கணக்கிடுகிறது. அதை ஒரே ஒரு முறை கணக்கிட்டுப் படமாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஏழாவது ஷாட் 240 ஃப்ரேம், அதாவது 10 நொடி என்று வைத்துக்கொள்வோம். Solid முறைக்கு வாருங்கள், கேமரா பார்வைக்குப் போங்கள், ஓவர்லேக்களை அணையுங்கள். வடிவம் PNG. பிறகு View மெனுவில் Viewport Render Animation. ஒளி, நிழல் கணக்கு பெரிதாக இல்லாததால் பழைய கணினியும் இதைத் தாங்கும். ஆனால் இந்த ப்ரிவ்யூவும் இறுதி ரெண்டருக்குக் கொடுத்த அதே பாதையில்தான் போய் விழும். இரண்டு இரவு ஓடி முடிந்த ரெண்டரின் மேல் நானே சாம்பல் நிறப் பொம்மைகளைக் கொட்டியிருக்கிறேன். அதனால் ப்ரிவ்யூ எடுக்கும்போது முதல் பாதை, இறுதி ரெண்டருக்கு இரண்டாவது:

```
//preview/sh07/
//final/sh07/
```

கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் கோப்புகள் `0001.png` என்று அந்தந்த ஃபோல்டருக்குள் போகும். இல்லாவிட்டால் ஷாட்டின் பெயர் கோப்புப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வெளியே கிடக்கும். இரண்டு ஃபோல்டரிலும் கோப்புப் பெயர்கள் ஒன்றாக இருப்பதில்தான் வசதியே. சீனுக்குப் பதிலாக ப்ரிவ்யூ படங்களை டைம்லைனில் போட்டு, வெட்டி முடித்தபின், ஸ்ட்ரிப்பின் Source பகுதியில் ஃபோல்டரை மட்டும் `final` என்று மாற்றினால் போதும், வெட்டிய இடங்கள் அசையாது.

ப்ரிவ்யூவை 50% அளவில் எடுத்தால் இன்னும் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். வேண்டாம். 960×540 படத்தைச் சேர்க்கும்போது பிளெண்டர் அதை இரண்டு மடங்காக்கித் திரையை நிரப்பிவிடும். பின்னால் முழு அளவுப் படம் வரும்போதும் அந்த இரண்டு மடங்கு அப்படியே நிற்கும். நாயகியின் மூக்கு மட்டும்தான் தெரியும். ப்ரிவ்யூவை முழு அளவிலேயே எடுங்கள், சுருக்கும் வேலையைப் பிராக்ஸி பார்த்துக்கொள்ளட்டும். புது ஃபோல்டருக்குப் புதிதாகப் பிராக்ஸி கட்ட வேண்டும். அதே ஃபோல்டரில் மறுபடி ரெண்டர் செய்தீர்கள் என்றால், பழைய பிராக்ஸியே திரையில் வரும். திருத்தியது ஏன் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் Overwrite-இல் டிக் போட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

ப்ரிவ்யூவில் Burn Into Image போட்டு ஃப்ரேம் எண்ணைப் படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். வெட்டு 187-இல் விழுகிறதா 188-இலா என்பதைப் பார்த்தவுடன் குறித்துக்கொள்ளலாம். இறுதி ரெண்டருக்கு முன் அந்த டிக்கை எடுக்க மறக்காதீர்கள்.

இந்த முறைக்கு எட்டாத ஒன்று உண்டு. Solid ப்ரிவ்யூவில் எல்லாம் பட்டப்பகல்போலத் தெரியும். உங்கள் ஷாட் இருட்டு அறை என்றால், மூலையில் நிற்கும் ஆளைப் பார்ப்பவர் கண்டுபிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். ப்ரிவ்யூவில் சரியாக இருந்த வெட்டு, ரெண்டரில் அவசரமாகத் தெரியும். அப்படிப்பட்ட ஷாட்டுகளுக்கு மட்டும் முடிவில் 12 ஃப்ரேம் சேர்த்து ரெண்டர் செய்யுங்கள். ஃப்ரேமுக்கு நான்கு நிமிடம் என்றால் ஷாட்டுக்கு 48 நிமிடம் கூடும். எல்லா ஷாட்டுக்கும் இதைச் செய்யப் போனால் உங்கள் லேப்டாப்புக்குக் கட்டாது.