மைனர் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட்: போடுவது சுலபம், எடுக்கும்போதுதான் இருக்கிறது

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. மாதம் தருகிற 1,000 ரூபாய் பாக்கெட் மணியில் 500 ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் போட வேண்டும் என்கிறான். வங்கியில் கேட்டால் ‘சைல்டு பிளான்’ எடுங்கள் என்கிறார்கள். அவன் பெயரிலேயே கணக்கு தொடங்கலாமா? 18 வயதானால் என்ன ஆகும்?

பதில்: தொடங்கலாம். ஆனால் வங்கியில் நீட்டிய தாளை முதலில் ஓரமாக வையுங்கள். மாதாமாதம் 500 ரூபாய் போடும் எஸ்ஐபிக்காக யாரும் உங்களை உட்காரவைத்து காபி கொடுக்கமாட்டார்கள். ‘சைல்டு பிளான்’ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பாலிசிதான். இன்ஷூரன்ஸையும் முதலீட்டையும் சேர்த்து விற்கும் யூலிப் வகையாக இருந்தால் ஐந்து வருடத்துக்குப் பணத்தைத் தொட முடியாது. இரண்டாம் வருடம் பிரீமியம் கட்ட முடியாமல் நிறுத்தினாலும், மிச்சப் பணம் ஐந்து வருடம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். இன்ஷூரன்ஸ் யாருடைய சம்பாத்தியத்தை நம்பிக் குடும்பம் ஓடுகிறதோ அவருக்குத் தேவை. பத்தாவது படிக்கிற பையன் சம்பாதித்தா உங்கள் வீட்டில் உலை வைக்கிறீர்கள்?

இனி கணக்குக்கு வருவோம். ஃபண்ட் கணக்கில் பையன் ஒருவன்தான் உரிமையாளர். நீங்களும் அவனும் கூட்டாக வைத்துக்கொள்ள முடியாது. அப்பா அல்லது அம்மா கார்டியனாக இருந்து கையெழுத்துப் போட வேண்டும். தாத்தா, சித்தப்பா எல்லாம் கோர்ட் உத்தரவு இல்லாமல் கார்டியன் ஆக முடியாது. “யார் பெயர் போட்டாலும் நடக்கும் சார்” என்று சொல்லும் முகவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கார்டியனின் பான், கேஒய்சி, பையனின் பிறப்புச் சான்றிதழ், இவைதான் முக்கியமான காகிதங்கள்.

பலர் தடுமாறுவது வங்கிக் கணக்கில். பணம் போடும்போது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகலாம். ஃபண்டுகளைக் கண்காணிக்கும் செபி 2023-இல் இதை அனுமதித்துவிட்டது. ஆனால் யூனிட்டை விற்றால் பணம் பையன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகும், உங்கள் கணக்குக்கு வராது. அவன் கணக்கு உங்களுடன் சேர்த்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்காக இருந்தாலும் போதும். அதனால் முதல் வேலையாக அவனுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகள், வங்கி வைக்கும் வரம்புக்குள், தாங்களே கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. கவுன்டரில் இருப்பவர் “அப்படியெல்லாம் கிடையாது” என்றால் மேனேஜரைப் பாருங்கள். சுற்றறிக்கை வந்தாலும் அது கவுன்டர் வரை வந்துசேர இங்கே தனியாக ஒரு காலம் பிடிக்கும்.

என்ன ஃபண்ட் என்று பையன் கேட்பான். ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட், அதுவும் இடைத்தரகர் இல்லாத டைரக்ட் பிளான் போதும். ரெகுலர் பிளான் என்றால் ஒவ்வொரு வருடமும் இடைத்தரகருக்குக் கமிஷன் போகும். 500 ரூபாயில் அது சில்லறைதான். ஆனால் அவன் வேலைக்குப் போனபிறகும் அதே பழக்கம்தானே தொடரும்?

அவனுக்குச் சொல்லித்தர நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் மாதம் ஒரு யூனிட் விலை 25 ரூபாய் என்று வையுங்கள். 500 ரூபாய்க்கு 20 யூனிட். அடுத்த மாதம் சந்தை விழுந்து விலை 20 ஆகிறது; அதே 500-க்கு 25 யூனிட். கையில் 45 யூனிட், போட்டது 1,000 ரூபாய், இன்றைய மதிப்பு 900. இந்த 900-ஐ அவன் கையாலேயே எழுதட்டும், முகம் சுருங்கட்டும். விலை திரும்ப 25-க்கு வந்தால் 45 யூனிட்டுக்கு 1,125 ரூபாய் என்பதையும் அவனே பெருக்கிப் பார்க்கட்டும். திரும்ப வரும் என்று மட்டும் நீங்கள் வாக்கு கொடுக்காதீர்கள். உங்கள் டிரேடிங் ஆப்பின் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் ‘கத்துக்கட்டும்’ என்று கொடுக்கவே கொடுக்காதீர்கள். டெலிகிராமில் ஆப்ஷன் டிப்ஸ் கொடுப்பவன் காத்திருப்பதே இந்த வயதுப் பையன்களுக்காகத்தான்.

வரி விஷயம். மைனரின் முதலீட்டில் வரும் லாபம், அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் வருமானத்தோடு சேரும். பிள்ளை பெயரில் போட்டால் வரி கிடையாது என்பது வெறும் கட்டுக்கதை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பாதி கேட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தால், அது பெற்றோர் வருமானத்தோடு சேராது. உங்கள் பையன் கச்சேரியில் மிருதங்கம் வாசித்து 5,000 ரூபாய் வாங்கினால் அந்த 5,000 அவன் வருமானம். ஆனால் அதை ஃபண்டில் போட்டு 600 ரூபாய் லாபம் வந்தால், அந்த 600 உங்கள் வருமானத்தோடு சேரும். 600 ரூபாயைச் சம்பாதித்தது அவன் விரல்கள் இல்லை, முதலீடு. பணம் எங்கிருந்து வந்தது என்பது வேறு, அந்தப் பணம் பிறகு ஈட்டியது வேறு. பாக்கெட் மணிக்கு இந்த விலக்கு எந்த வகையிலும் பொருந்தாது. “காய்கறி வாங்கிவந்ததற்குக் கூலி கொடுத்தேன்” என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பிள்ளைக்கு 18 ஆனபிறகு விற்றால் லாபம் பிள்ளையின் வருமானம்.

உங்கள் தொகைக்கு இதெல்லாம் பெரிய தலைவலி இல்லை. மூன்று வருடத்தில் போடுவது 18,000 ரூபாய். ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைத்தால் சுமார் 21,000 ஆகும். கிடைக்காமலும் போகலாம்.

பதினெட்டாவது பிறந்தநாளில் ஃபண்ட் நிறுவனம் கணக்கைப் பூட்டிவிடும். எஸ்ஐபி நிற்கும்; உங்கள் கையெழுத்து செல்லாது; அவன் கையெழுத்தோ இன்னும் பதிவாகியிருக்காது. அவனுக்கென்று பான், கேஒய்சி, மேஜர் ஆனதாக மாற்றிய வங்கிக் கணக்கு, வங்கி அதிகாரி சான்றொப்பமிட்ட கையெழுத்து எல்லாம் கொடுத்து ‘மைனரிலிருந்து மேஜர்’ படிவம் ஏறினால்தான் திறக்கும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு கண்ணி உண்டு: இனிஷியல். என் தங்கை மகளுக்கு ஜூனில் 18 முடிந்தது, ஜூலையில் கல்லூரிக் கட்டணம். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், ஆதாரில் பெயரோடு இனிஷியல், பானில் அப்பா பெயர் விரிவாக. மூன்றும் ஒரே பெண்தான் என்று ஒத்துக்கொள்ள வைக்க ஏழு வாரம் ஆனது. வங்கிக் கிளையில் ஃபண்ட் அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள், ஃபண்ட் அலுவலகத்தில் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். பணம் அவள் பெயரில் பத்திரமாக இருந்தது. தங்கை வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினாள்.

கல்லூரிக்கு இந்தப் பணம் வேண்டுமென்றால், 18 ஆவதற்கு இரண்டு மாதம் முன்பே நீங்கள் கையெழுத்துப் போட்டு விற்றுவிடுங்கள். உங்கள் வருமானத்தோடு சேரும் லாபத்துக்கு வரி சொற்பம்தான். அவசரமில்லை, தொடரட்டும் என்றால், ஆதாரிலும் பானிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கும் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். 15 வயதில் ஆதாருக்குக் கைரேகை, கண்விழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எப்படியும் போகத்தானே போகிறீர்கள், பெயரையும் அன்றே பாருங்கள்.